வந்து சேராத பதில்

ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். போடியிலிருந்து ஒரு வேன், ஒன்பது பேர். கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, காபி. ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தார்கள். போகும்போது அவருடைய பெரியப்பா வாசற்படியில் நின்று, "ஊருக்குப் போய்ட்டுச் சொல்றோம்" என்றார். உத்தமபாளையத்துக்கும் போடிக்கும் நடுவில் ஒரு மணி நேரப் பயணம்கூடச் சரியாக இல்லை. அந்த ஒரு மணி நேரத்தைக் கடந்து பதில் வர இருபத்தாறு நாள் ஆனது. அதுவும் தானாக வரவில்லை, நான் கேட்டதால் வந்தது. கேட்கும்போது என்ன எழுதினேன், ஏன் அப்படி எழுதினேன், எழுதியதால் என்ன தெரிய வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

"ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்" என்பதை நம் சினிமா எத்தனையோ முறை கிண்டல் செய்துவிட்டது. ஆனால் லெட்டர் இருந்த காலத்தில் அதற்கு ஒரு ஒழுங்காவது இருந்தது என்று அப்பத்தா சொல்லும். சம்மதம் என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவின கடுதாசி வரும். தபால்காரர் கையில் பார்க்கும்போதே விஷயம் தெரிந்துவிடும். வேண்டாம் என்றாலும் சிலர் எழுதுவார்கள், 'தற்சமயம் தோதுப்படவில்லை' என்று. எழுதாதவர்களும் உண்டு. ஆனால் பதினைந்து நாளில் தபால் வரவில்லை என்றால் இல்லை என்று அர்த்தம், அதற்கு மேல் யாரும் வாசலைப் பார்க்க மாட்டார்கள். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. எந்த நிமிடமும் வரலாம் என்பதால் எந்த நாளையும் கடைசி நாளாக வைத்துக்கொள்ள முடிவதில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜாதகப் பொருத்தமெல்லாம் முதலிலேயே முடிந்துவிடும். பத்தில் எத்தனை, ரஜ்ஜு தட்டுகிறதா, ராகு கேது எங்கே உட்கார்ந்திருக்கிறது, எல்லாம் பார்த்த பிறகுதான் வேனே கிளம்பும். அதனால் பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு 'ஜாதகத்தை இன்னொரு தடவை பாக்கணும்' என்று ஒரு வார்த்தை வந்தால் அதை ஜோசியர் சம்பந்தப்பட்ட விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பார்த்துவிட்டுப் போனவர்களுக்குப் பிடித்திருந்தால் அடுத்தது மாப்பிள்ளை வீடு பார்க்க நம்மைக் கூப்பிடுவார்கள். 'எப்ப வர்றீங்க' என்ற கேள்வி அன்றைக்கே வாசலில் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அதன் பிறகுதான் கை நனைப்பது. அதுவரை ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் இலை போட்டுச் சாப்பிட மாட்டார்கள். காபி, பலகாரம் வரைக்கும்தான் அனுமதி. சோற்றில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் பேசியாயிற்று என்று கணக்கு. அதற்குப் பிறகு பூ வைப்பது, நிச்சயம், மற்றவை.

எங்கள் வீட்டில் குழப்பம் பூவில்தான் ஆரம்பித்தது. அவருடைய அம்மா வரும்போது தாம்பாளத்தில் பழத்தோடு ஆறு முழம் மல்லிகைப்பூவும் கொண்டு வந்திருந்தார். போவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு முழம் கிள்ளி என் கையில் கொடுத்து, "வச்சுக்கத்தா" என்றார். அம்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அன்று இரவே சித்திக்குப் போன் போட்டு, "பூக் குடுத்துட்டுப் போயிருக்காங்க" என்றாள். சித்தி விவரமானவள். "அக்கா, பூக் கொண்டாறது வேற, பூ வைக்கிறது வேற. தலையில அவுக வச்சுவிட்டாகளா, இவ கையில குடுத்தாகளா?" என்று கேட்டாள். கையில்தான் என்று அம்மா சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. "சரி, பாப்போம்" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு நம்பிக்கை வந்தது பூவால் அல்ல. நாங்கள் இரண்டு பேரும் மொட்டை மாடியில் பதினைந்து நிமிடம் பேசினோம். அவர் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறார். நான் தேனியில் ஒரு தனியார் வங்கியில் கடன் வசூல் பக்கம் வேலை பார்க்கிறேன். மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற மலையைக் காட்டி, அதற்குப் பின்னால் கேரளா என்றேன். அவர் போடிக்காரர். மலைக்குப் பின்னால் கேரளா என்பதைப் போடிக்காரருக்கு யாராவது சொல்வார்களா? "எங்க வீட்டு மாடியிலயும் அதே கேரளாதாங்க" என்றார். சிரித்தோம். கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலையை விட வேண்டியிருக்குமா என்று கேட்டேன். மாற்றல் வாங்க முடியுமா என்று அவர் கேட்டார். நம்பரை அவர்தான் கேட்டு வாங்கினார்.

நாலு நாள் பேசினோம். எல்லாம் சாதாரணப் பேச்சு, ஆபீஸ், பஸ், சாப்பாடு. புதன்கிழமை இரவு அவர் 'குட் நைட்' போட்டார். வியாழக்கிழமை ஆடி பிறந்தது. வெள்ளிக்கிழமை அப்பாவோடு ஆனைமலையன்பட்டிப் பக்கம் எங்கள் திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பந்தலுக்கு அடியில் நின்று, கறுத்துத் தொங்குகிற பன்னீர்த் திராட்சையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது. சாயங்காலம் நீலமானது. பதில் இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு வசதி உண்டு. கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டார்கள் என்பதால், பேசாமல் இருப்பவர் ஏன் பேசாமல் இருக்கிறார் என்று யாரும் கேட்க முடியாது. 'ஆடி கழியட்டும்' என்றால் அது உண்மையாகவே ஆடி கழியட்டும் என்பதாகவும் இருக்கலாம், வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதாகவும் இருக்கலாம், இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை என்பதாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே வார்த்தை. இரண்டு வாரம் கழித்து அம்மா மெதுவாகத் தரகரிடம் கேட்டாள். அவரும் அதையேதான் சொன்னார். "ஆடியில என்னத்தம்மா பேசுறது? ஆவணி பொறக்கட்டும், நானே வாரேன்."

தரகரைப் பற்றி எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது. அவருடைய தொழிலை நினைத்துப் பாருங்கள். அவருக்குப் பணம் கல்யாணம் முடிந்தால்தான். 'அவங்களுக்குப் பிடிக்கலையாம்' என்று அவர் வந்து சொன்னால் எங்கள் வீட்டில் அவருக்கு மரியாதை குறையும், அடுத்த ஜாதகத்தை வேறு தரகரிடம் கொடுத்துவிடுவோமோ என்ற பயமும் இருக்கும். 'பேசிக்கிட்டு இருக்கு' என்று சொல்லும்வரை இரண்டு வீடும் அவர் கையில். இன்னொரு இடம் கையில் கிடைத்த பிறகுதான் பழையதை மூடுவார். "அது சரிப்படலைம்மா, ஆனா இத விட நல்ல எடம் ஒண்ணு வந்திருக்கு" என்று ஒரே மூச்சில். கடன் வசூலில் நானும் பத்து வகைச் சால்ஜாப்பு கேட்கிறேன், ஆனால் இவ்வளவு நாசூக்காக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

காத்திருப்பதில் ஒரு விலை உண்டு, அது என்னிடம் மட்டும் வாங்கப்படவில்லை. கோம்பையிலிருந்து ஒரு குடும்பம் ஜாதகம் கேட்டிருந்தது. அப்பா, "ஒரு எடம் பேசிக்கிட்டு இருக்கு, அது முடியட்டும்" என்று சொல்லிவிட்டார். ஒரு இடம் நிலுவையில் இருக்கும்போது இன்னொரு இடத்துக்கு ஜாதகம் கொடுப்பது அவருக்கு மரியாதையாகப் படவில்லை. கோம்பைக்காரர்கள் பத்து நாள் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டார்கள். திராட்சை வெட்டி வந்த பணத்தில் நகைக்கு முன்பணம் கட்டலாமா வேண்டாமா என்று அப்பா தினமும் பேப்பரில் தங்கம் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், "தோட்டத்துக்கு வர்ற வியாபாரிகூட பழம் பிடிக்கலேன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போயிர்றான். மழை வந்தா வெடிச்சிரும்னு அவனுக்குத் தெரியும்ல." பிறகு எதிரே நான் உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்து, "ஒன்னைச் சொல்லலத்தா" என்றார். நான் திராட்சை இல்லை என்பது எனக்குத் தெரியும் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அம்மா கோயிலைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊர் திருக்காளாத்தீஸ்வரர் கோயிலைத் தென் காளஹஸ்தி என்பார்கள். ராகு கேது தோஷத்துக்கு எங்கெங்கிருந்தோ வந்து பரிகாரம் செய்துவிட்டுப் போகிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கெல்லாம் கல்யாணத் தடை நீங்குகிற ஊரில் எனக்கு மட்டும் தடை வருமா என்பது அம்மாவின் வாதம். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிக்கும்போது விளக்கோடு கிளம்பிவிடுவாள். சாமியிடம் அவள் கேட்டது என் கல்யாணத்தை அல்ல என்று பின்னால் சொன்னாள். "ஒரு பதிலக் குடுத்துரு, எதுவா இருந்தாலும்" என்றுதான் வேண்டிக்கொண்டாளாம்.

சரி, நீங்களே நேராகக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். பெண் வீட்டுக்காரர் கேட்கக் கூடாது. கேட்டால் 'அலையுறாங்க' என்றாகிவிடும். அவசரப்படுகிறார்கள் என்றால் ஏதோ குறை இருக்கிறது என்று பேச்சு வரும். இதை எங்கள் வீட்டில் யாரும் விளக்கிச் சொன்னதில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். அப்பா போன் செய்ய மாட்டார். மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், தாய்மாமன் என்ற முறையில் இந்த விஷயங்களை எல்லாம் அவர்தான் நடத்துகிறார். அவரும் 'பொறுங்க பொறுங்க' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அந்த நம்பர் என் போனில் இருந்தது. என்னிடம் கேட்டு வாங்கியது அவர். அந்த ஒரு கயிறு தரகர் வழியாகவும் மாமா வழியாகவும் போகவில்லை.

முதலில் எழுதியது 'ஹாய், பிஸியா?' அனுப்பவில்லை. அதற்கு வரக்கூடிய பதில் 'ஆமாங்க, கொஞ்சம்' என்பது. வந்தால் ஒரு நாள் சந்தோஷம், பிறகு மறுபடியும் அதே இடம். கேள்வியே கேட்காமல் கேட்கிற மெசேஜுக்குப் பதிலே சொல்லாமல் பதில் சொல்லலாம்.

இரண்டாவது ராத்திரி பதினொரு மணிக்கு எழுதியது. நீளம் ஒன்றரைத் திரை. படித்தவர்தானே, ஒரு பெண்ணின் வீட்டில் ஒன்பது பேர் வந்து காபி குடித்துவிட்டு, என்று தொடங்கும். அதில் எழுதிய ஒவ்வொரு வரியும் நியாயமானது, இன்னும் வைத்திருக்கிறேன். ஆனால் அதைப் படிக்கிறவர் செய்யக்கூடியது ஒன்றுதான், என் நம்பரை பிளாக் செய்வது. அதோடு போடி முழுக்க 'நல்லவேளை தப்பிச்சோம்' என்று பேச ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் கிடைக்கும்.

மூன்றாவது 'என்கிட்ட ஏதாவது பிடிக்கலையா? சொன்னா பரவாயில்ல' என்பது. இதைத்தான் அனுப்பியிருப்பேன். விரல் அந்த அம்புக்குறி வரைக்கும் போனது. எது தடுத்தது என்றால், என்ன பதில் வரும் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். 'அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, ஜாதகம்தான்' என்று பொய் வரலாம். அல்லது உண்மை வரலாம். நிறம், உயரம், நகை, வேலை, என் வயசு 29 என்பது. இதில் எதை நான் அறிந்துகொண்டு என்ன செய்யப் போகிறேன்? எனக்குத் தெரிய வேண்டியது ஆமாவா இல்லையா. ஏன் என்பது எனக்குத் தெரிய வேண்டும்போல இருப்பது. இரண்டும் வேறு என்று அன்று ராத்திரி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுசாக நம்பினேன் என்று சொல்ல மாட்டேன்.

கடைசியில் என் வேலைதான் கைகொடுத்தது. தவணை கட்டாமல் போனையும் எடுக்காமல் இருப்பவர்களுக்கு நாங்கள் கடிதம் அனுப்புவோம். அதில் மூன்று விஷயங்கள் தவறாமல் இருக்கும். எந்தத் தேதியிலிருந்து நிலுவை என்று ஒரு வரி. எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் நாங்கள் என்ன செய்வோம் என்று ஒரு வரி. கடைசி தேதி இல்லாத நோட்டீஸுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், இது என் அனுபவம். மூன்றாவதாக அடியில் சின்ன எழுத்தில், ஏற்கெனவே கட்டியிருந்தால் இந்தக் கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று. பலர் அந்தச் சின்ன எழுத்து வரியை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். கட்டிய பணம் எங்கள் கணக்கில் ஏறாமல் எங்கேயாவது நடுவில் நிற்பது வாரத்துக்கு ஒன்றாவது நடக்கும். அப்போது கட்டியவரைக் குற்றவாளி மாதிரி பேசிவிட்டால் பிறகு அவர் முகத்தில் விழிக்க முடியாது.

நாங்கள் அதுவரை இங்கிலீஷ் எழுத்தில்தான் தமிழ் அடித்துக்கொண்டிருந்தோம். இதை மட்டும் தமிழிலேயே அடித்தேன். ஆடி நாலாவது வெள்ளி, மதியம் சாப்பாட்டு இடைவேளையில் அனுப்பினேன்:

"வணக்கம். நீங்களும் வீட்ல உள்ளவங்களும் வந்துட்டுப் போய் இன்னைக்கு 26 நாள் ஆச்சு. எங்களுக்கு இன்னும் பதில் வந்து சேரல. வேண்டாம்னு முடிவு பண்ணியிருந்தா 'வேண்டாம்'னு ஒரு வார்த்தை மட்டும் அனுப்புங்க, போதும். காரணம் கேக்க மாட்டேன். எங்க வீட்ல இருந்து யாரும் உங்க வீட்டுக்கு போன் பண்ணவும் மாட்டாங்க. இன்னும் யோசிக்கிறீங்கன்னா அதையும் சொல்லுங்க, எத்தனை நாள் வேணும்னு சேத்துச் சொல்லுங்க. ஆவணி ஒண்ணாம் தேதிக்குள்ள எதுவும் வரலேன்னா வேண்டாம்னு எடுத்துக்கிட்டு நாங்க வேற பாப்போம். எப்படி இருந்தாலும் என் ஜாதகத்தையும் போட்டோவையும் திருப்பிக் குடுத்துருங்க. மாடியில பேசினது நல்லா இருந்துச்சு. நன்றி."

கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். உண்மை என்பதால் விட்டுவிட்டேன்.

ஒன்பது மணி நேரம். நீலமானது மதியமே. ராத்திரி பத்தரைக்குப் பதில் வந்தது, தமிழிலேயே.

"ரொம்ப ஸாரிங்க. எங்க வீட்ல வேண்டாம்னு அந்த வியாழக்கிழமையே உங்க மாமாகிட்ட பெரியப்பா போன்ல சொல்லிட்டாரு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். அதுக்கு அடுத்த நாள் நீங்க திராட்சை போட்டோ அனுப்பினப்ப என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. தெரிஞ்சும் அனுப்புறீங்களோன்னு சங்கடமா இருந்துச்சு. நானாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். ஜாதகத்த இந்த வாரமே குடுத்து விடுறேன். மாடியில பேசினது எனக்கும் நல்லா இருந்துச்சு."

திராட்சை போட்டோவை நினைத்துத்தான் முதலில் முகம் சூடானது. வேண்டாம் என்று சொல்லியாகிவிட்ட இடத்துக்கு மறுநாள் கறுத்த திராட்சையை அனுப்பிவிட்டு இரண்டு டிக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். அவர் பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிந்திருக்கும்! அப்புறம்தான் 'உங்க மாமாகிட்ட' என்ற வார்த்தை கண்ணில் பட்டது.

பதில் நாலாம் நாளே கிளம்பிவிட்டது. எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வந்து, மாமாவின் சட்டைப் பையில் இருபத்திரண்டு நாள் இருந்திருக்கிறது. 'வந்து சேரல' என்று நான் அடித்தது என் தொழில் பழக்கம். அதற்குப் பதிலாக 'நீங்க சொல்லவே இல்ல' என்று எழுதியிருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும், 'உங்க மாமாவையே கேளுங்க' என்று ஒரு வரியில் முடித்திருப்பார். அல்லது அதுவும் எழுதியிருக்க மாட்டார். இந்த ஒரு விஷயத்தை மட்டும் இந்த நிலைமையில் இருக்கும் யாருக்காவது சொல்லலாம் என்று நினைக்கிறேன். எதிராளி பேசவில்லை என்று நாம் நினைக்கும்போது, அவர் பேசியது நம் காதுக்கு வரும் வழியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை எண்ணிப் பார்க்கலாம். எனக்கு அவர், அவருடைய அம்மா, பெரியப்பா, மாமா, அப்பா, அம்மா, பிறகு நான். ஓரமாகத் தரகர். ஒவ்வொருவரும் அடுத்தவர் மனசு நோகாமல் இருக்க வார்த்தையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். யாராவது ஒருவர் முழுசாகக் கொட்டிவிட்டாலும் நமக்குத் தெரியாது.

மாமா ஞாயிற்றுக்கிழமை வந்தார். நான்தான் கேட்டேன், அம்மாவை வைத்துக்கொண்டே. அவர் மறுக்கவில்லை. "ஒங்கப்பனுக்கு அந்த வாரம்தான நெஞ்சு வலின்னு தேனி ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தோம். அந்த நேரத்துல போய் நான் எப்படித்தா சொல்லுவேன்? ஆவணி பொறந்ததும் வேற எடம் கொண்டாந்துட்டு, அதோட சேத்து இதையும் சொல்லிக்கிறலாம்னு இருந்தேன்." தரகர் செய்வார் என்று நான் நினைத்ததைத் தாய்மாமன் செய்திருக்கிறார், பாசத்தினால். அவர் மீது கோபப்படவும் முடியவில்லை, அப்பாவின் நெஞ்சு வலி உண்மைதான். ஆனால் அந்த இருபத்திரண்டு நாளும் அப்பா தங்கம் விலை பார்த்துக்கொண்டிருந்ததும், கோம்பைக்காரர்களைத் திருப்பி அனுப்பியதும் உண்மைதான். அப்பா உள்ளே இருந்து வந்து, "எனக்கு நெஞ்சு வலிச்சா மாத்திரை இருக்கு மச்சான்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு வேறொன்று உறைத்தது. போன வருஷம் தை மாதம் சின்னமனூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய காரணம் எதுவும் இல்லை, பேசிய பத்து நிமிடத்தில் அவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அம்மாவிடம் வேண்டாம் என்றேன். அம்மா மாமாவிடம் சொன்னாள். 'நான் பாத்துக்குறேன்' என்றார் மாமா. அத்தோடு நான் மறந்துவிட்டேன்.

"மாமா, சின்னமனூர்க்காரங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "அவுகளே புரிஞ்சுக்குவாக" என்றார்.

அம்மா அப்போதுதான் சொன்னாள். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவில், கூட்டத்தில் அந்தப் பையனுடைய அம்மா இவளைக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னக்கா, ஒண்ணுமே சொல்லலையே?" என்று கேட்டாராம். தையிலிருந்து சித்திரை. அம்மா என்ன சொல்வதென்று தெரியாமல், "தரகர் சொல்லலையா?" என்று கேட்டுவிட்டுத் தீச்சட்டிக் கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்து வந்துவிட்டாளாம். ஒரு வருஷத்துக்கு மேல் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பீரோவைத் திறந்தாள். சேலைகளுக்கு அடியில் மஞ்சள் கவர். அவர்கள் கொடுத்தது ஜெராக்ஸ் அல்ல. ஜோசியருக்கு தசா இருப்பு பார்க்க வேண்டும் என்று சொல்லி, கையால் எழுதின ஜாதக நோட்டையே வாங்கி வைத்திருந்தோம். என் ஜாதகத்தைத் திருப்பிக் கேட்டு நான் மெசேஜ் அனுப்பிய அன்றைக்கும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

அம்மாதான் போன் செய்தாள், ஸ்பீக்கரில் போட்டு. யார் என்று சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்சம் நேரம் டிவி சத்தம் மட்டும் கேட்டது. அம்மா முன்னால் யோசித்து வைத்திருந்தது எதையும் சொல்லவில்லை. "தப்புப் பண்ணிட்டோம்க்கா. வேண்டாம்னு அப்பவே சொல்லியிருக்கணும், சொல்லல. நோட்டு எங்ககிட்டதான் இருக்கு" என்றாள்.

"பையனுக்கு வைகாசில முடிஞ்சிருச்சும்மா" என்றார் அவர். "நோட்ட எங்க குடுத்தோம்னு தெரியாம, புதுசா கணிச்சு எழுதித்தான் பொருத்தம் பாத்தோம். அவுக அப்பா கையெழுத்துல எழுதுனது அது. கிழிச்சுக் கிழிச்சுப் போட்றாதீங்க. யாருகிட்டயாச்சும் குடுத்து விடுங்க." அவருடைய கணவர் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது என்பது எங்களுக்குத் தெரியும்.

தேனிக்குப் போகிற பஸ் சின்னமனூர் வழியாகத்தான் போகும். திங்கட்கிழமை வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் கிளம்பி, அங்கே இறங்கி, வழி கேட்டுக்கொண்டு போனேன். அந்த அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. நோட்டை வாங்கி முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தார், பிள்ளையார் சுழியும் அதற்குக் கீழே பையனுடைய பெயரும். பிறகு முந்தானையில் துடைத்து உள்ளே கொண்டுபோய் சாமி படத்துக்கு அடியில் வைத்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தேன்.

"இட்லி வெந்துருச்சு, ரெண்டு சாப்பிட்டுப் போத்தா."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

"இப்ப என்ன இருக்கு, தாராளமாக் கை நனைக்கலாம்ல" என்றார். சிரித்தாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மருமகள் தட்டைக் கொண்டு வந்து வைத்தாள். உட்கார்ந்து சாப்பிட்டேன். மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி.